வாட்ச் 43.3 கி.மீ. என்கிறதே, மாரத்தான் பாதை நீளமா?

கேள்வி: சிகாகோ மாரத்தான் ஓடினேன். வாட்ச் 43.3 கி.மீ. காட்டுகிறது. நடுவில் ஒரு சுரங்கத்தில் வேகம் கன்னாபின்னாவென்று மாறியது. பாதையைத் தப்பாக அளந்துவிட்டார்களா? உண்மையான நீளத்தை நாமே சரிபார்க்க வழி உண்டா?

பாதை சரிதான். கூடுதலாக வந்த 1.1 கி.மீ.யில் பெரும்பகுதி முதல் 5 கி.மீ.க்குள்ளேயே சேர்ந்திருக்கும். வாட்ச் பதிந்த கோட்டை வரைபடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். கிரான்ட் பார்க்கில் கிளம்பி கொலம்பஸ் டிரைவில் வடக்கே போகும்போது, மேல்தளச் சாலைக்கு அடியில் நுழைகிறீர்கள். வெளியே வந்ததும் ஆறு, அதன்பின் வானுயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே வளைவு மேல் வளைவு. அந்த இடங்களில் கோடு கட்டடங்களின் கூரை மேலும் ஆற்றுத் தண்ணீர் மேலும் போயிருக்கும். லிங்கன் பார்க் பக்கம் வானம் திறந்ததும் அதே கோடு சாலையோடு ஒட்டி வரும். வாட்ச் எங்கே தடுமாறியது என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய சோதனை இல்லை.

இந்தப் பாதையில் இரண்டு முறை ஓடியவன் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் 20,000 கி.மீ. உயரத்துக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து சிக்னல் வந்து சேர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் வாட்ச் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரம் பிசகினாலே 30 செ.மீ. பிசகிவிடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே, சிக்னல் நேராக வராமல் எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில் மோதித் திரும்பி வருகிறது. அந்தச் சுற்றுவழி 15 மீ. அதிகம் என்றால், செயற்கைக்கோள் 15 மீ. தள்ளி இருப்பதாக வாட்ச் நம்பிவிடும். நேர்ச் சிக்னல் மறைந்து பிரதிபலிப்பு மட்டும் கிடைக்கும் இடத்தில்தான் நிலைமை மிக மோசம். இரட்டை அலைவரிசை வாட்ச்கள் நேராக வருவதையும் மோதி வருவதையும் ஓரளவு பிரித்தறியும். ஆனால் நேராக வருவதே இல்லாத இடத்தில் அவையும் திணறும்.

பிழை இடதும் வலதுமாக மாறி மாறி வந்தால் கழிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். இடம் கழிந்துவிடும், தூரம் கழியாது. விநாடிக்கு 3 மீ. வேகத்தில் நேராக ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளி 1 மீ. இடப்பக்கம், அடுத்தது 1 மீ. வலப்பக்கம் என்று பதிந்தால், இரண்டுக்கும் இடையே உள்ள சாய்கோடு 3.6 மீ. ஆகிறது. நீங்கள் ஓடியது 3 மீ.தான். வாட்ச் உள்ளுக்குள் கோட்டைச் சீராக்கி இதைக் குறைக்கப் பார்க்கும், முழுக்கப் போக்காது. அதனால்தான் கட்டடங்களுக்கு இடையில் தூரம் பெரும்பாலும் கூடுகிறது. பத்து நண்பர்களின் வாட்ச் அளவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தாலும் சரியான நீளம் கிடைக்காததற்கும் இதே காரணம்தான்.

சுரங்கத்தின் கதை வேறு. அங்கே சிக்னலே இல்லை. சில வாட்ச்கள் கை அசைவை வைத்துத் தூரத்தை ஊகிக்கும். சில, உள்ளே போன புள்ளியையும் வெளியே வந்த புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்துவிடும். சுரங்கம் வளைந்திருந்தால் இதில் தூரம் குறையக்கூட செய்யும். வெளியே வந்ததும் கிடைக்கும் முதல் புள்ளி தப்பாக இருந்தால், வாட்ச் பக்கத்துத் தெருவுக்குத் தாவி மறுபடி உங்களிடம் தாவி வரும். அந்தத் தாவல்களும் தூரத்தில் சேர்ந்துகொள்ளும். முதல் வருடம் எனக்கு அந்த இடத்தில் கி.மீ.க்கு 3:40 என்று காட்டியது. என்னுடைய வேகம் 5:40. அதைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, பிறகு ஈடுகட்டப் போய், 30 கி.மீ.க்கு மேல் கால்கள் ஒத்துழைக்கவில்லை. அடுத்த முறை தானியங்கி லேப்பை அணைத்துவிட்டு, சாலையோரப் பலகை வரும்போதெல்லாம் நானே பட்டனை அழுத்தினேன். பலகைக்குப் பலகை ஆன நேரம்தான் நம்பத்தக்கது.

வாட்ச் மீது மட்டும் பழி போட முடியாது என்பதையும் சொல்லவேண்டும். பாதை அளக்கப்படுவது ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில்: வளைவுகளில் நடைபாதை விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குச் சாலையின் குறுக்காக நேர்கோடு. கூட்டத்தில் யாராலும் அந்தக் கோட்டில் ஓட முடியாது. தண்ணீர் மேசைக்கு ஒதுங்குவது, ஆட்களைச் சுற்றிப் போவது எல்லாம் நீங்கள் உண்மையாகவே ஓடிய கூடுதல் தூரம்.

சரி, அதிகாரபூர்வமாக எப்படி அளக்கிறார்கள்? சைக்கிளால்தான். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்டர் என்ற சிறு பல்சக்கர எண்ணியைப் பொருத்துவார்கள். இரும்பு டேப்பால் அளந்து வைத்த நேர்ச்சாலையில் முதலில் நான்கு முறை ஓட்டி, அந்தத் தூரத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்று பார்ப்பார்கள். பாதையை அளந்து முடித்ததும் திரும்பவும் நான்கு முறை. இதற்கு மேல் கி.மீ.க்கு 1 மீ. கூடுதலாகச் சேர்ப்பார்கள். அதாவது மாரத்தானில் 42 மீ. பாதை எந்த நிலையிலும் குட்டையாகிவிடக் கூடாது என்பதற்கான காப்பு இது. 1981 நியூயார்க் மாரத்தானில் உலக சாதனை என்று அறிவிக்கப்பட்ட ஓட்டம், பிறகு திரும்ப அளந்தபோது பாதை 148 மீ. குறைவு என்று தெரிந்து பட்டியலிலிருந்து நீங்கியது.

நீங்கள் தினமும் ஓடும் பாதையை இதே முறையில் அளந்துவிடலாம். ஆபீஸ் பக்கம் நான் ஓடும் வட்டத்தை வாட்ச் 5.23 கி.மீ. என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சந்தேகத்தில் ஒரு ஞாயிறு விடியற்காலை அளக்கக் கிளம்பினேன். ஒரு நேர்த்தெருவில் 30 மீ. இரும்பு டேப்பை இறுக்கிப் பிடித்துப் பத்து முறை நகர்த்தி 300 மீ. குறித்தோம். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், மனைவி வந்தார். முன்சக்கரத்தின் வால்வு சரியாகத் தரையைப் பார்க்கும்படி கோட்டின் மேல் நிறுத்தி, வழக்கமான காற்றழுத்தத்தில், மேலே உட்கார்ந்தே ஓட்டினேன். ஆள் உட்கார்ந்தால் டயர் அமுங்கும், சுற்றளவு குறையும், ஆகவே தள்ளிக்கொண்டு போய் எண்ணக் கூடாது. 143 சுற்று முடிந்தபோது கோட்டுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அந்த மிச்சத்தில் 36 கம்பிகளில் 9 கடந்தன. ஆக 143.25 சுற்று, ஒரு சுற்றுக்கு 2.094 மீ.

சைக்கிள் மீட்டரில் சக்கரச் சுற்றளவு 2094 மி.மீ. என்று போட்டேன். மீட்டர் சக்கரக் காந்தத்தை எண்ணும் வகையாக இருக்கவேண்டும். ஜி.பி.எஸ். மீட்டர் என்றால் பழைய பிழையேதான் திரும்ப வரும். வளைவுகளில் விளிம்பை ஒட்டி, எந்த வழியில் ஓடுவேனோ அதே வழியில் ஓட்டினேன். 5.01 கி.மீ. எதிர்த்திசையில் இன்னொரு சுற்று, மறுபடியும் 5.01. அப்புறம் 300 மீ. கோட்டுக்கே திரும்பி வந்து சரிபார்த்தேன்: 143 சுற்று, 7 கம்பி. வெயில் ஏறி டயர் கொஞ்சம் விரிந்திருக்கிறது. 5 கி.மீ.க்கு அந்த வித்தியாசம் 2 மீ.தான். மீட்டர் 10 மீ. படிகளில்தான் காட்டும் என்பதால் அதைவிட நுணுக்கமாகச் சொல்ல முடியாது, பயிற்சிக்கு இது தாராளம். இரண்டு முறை அளந்ததில் 20 மீ.க்கு மேல் வேறுபாடு வந்தால் டயரில் காற்று இறங்கியிருக்கும், அல்லது வேறு கோட்டில் ஓட்டியிருப்பீர்கள். திரும்ப அளந்துவிடுங்கள்.

சைக்கிள் இல்லையென்றால் செயற்கைக்கோள் படத்தில் அளவுகோல் கருவியால், வளைவுகளை உள்விளிம்பில் வைத்து, புள்ளி புள்ளியாக வரைந்து பாருங்கள். சுரங்கத்துக்குள் கோடு தெரியாதே தவிர மற்ற இடங்களில் வாட்ச்சைவிட அது எவ்வளவோ மேல்.

அந்த வட்டத்தில் ஒவ்வொரு கி.மீ.க்கும் ஓர் அடையாளம் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது ஒரு தீயணைப்புக் குழாய், இரண்டாவது ஒரு பாலத்தின் கைப்பிடி தொடங்கும் இடம். பட்டனை அங்கேதான் அழுத்துகிறேன், திரையில் தூரம் என்ன ஓடினாலும்.