இரண்டாவது பேக்கரிக் கடை திறக்கும் முன்: கேள்வி பதில்

பொள்ளாச்சி, பேக்கரி உரிமையாளர்: அண்ணா, எங்கள் கடை நன்றாக ஓடுகிறது. கிணத்துக்கடவில் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு கடை வாடகைக்கு வருகிறது. ஓவன் பாதி நேரம் சும்மாதான் கிடக்கிறது, செய்துவிடலாம் என்று மாஸ்டரும் சொல்கிறார். அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

இன்னும் கொடுக்காதீர்கள். ஓவன் எந்த நேரத்தில் சும்மா கிடக்கிறது என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். காலை பதினொரு மணிக்குக் காலியாக இருந்து பயனில்லை. சாயங்கால வியாபாரத்துக்கு இரண்டு கடைக்கும் ஒரே நேரத்தில் சரக்கு வேண்டும். அரை மணி நேரம் வண்டி ஓட வேண்டும் என்பதால், அங்கே போகும் சரக்கு உங்கள் கடைச் சரக்குக்கு முன்பே வெளியே வந்தாக வேண்டும்.

உங்களிடம் இருப்பது நாலு தட்டு டெக் ஓவன் என்று வைத்துக்கொள்வோம். தட்டுக்கு 24 பப்ஸ். தட்டு ஏற்றி, வெந்து, இறக்க 40 நிமிடம் ஆகும். மதியம் ஒன்றரை முதல் மூன்றரை வரை மூன்று ஈடு, அதாவது 288 பப்ஸ். உங்கள் கடைக்கே 200 போகிறதென்றால் மீதி 88தான். தேங்காய் பன்னும் அதே நேரத்தில் வேக வேண்டுமென்றால் அதுவும் இல்லை. மாஸ்டர் சொல்வது பொய்யில்லை. அவர் நாள் முழுவதையும் கணக்கில் வைத்துச் சொல்கிறார், நீங்கள் அந்த இரண்டு மணி நேரத்தைப் பாருங்கள். ஒரு வாரம், எந்த ஈடு எத்தனை மணிக்கு உள்ளே போனது, எப்போது வெளியே வந்தது என்று ஒரு நோட்டில் குறித்தால் தெரிந்துவிடும்.

பன்னையும் பிரட்டையும் காலையிலேயே முடித்து, மதியத்தைப் பப்ஸுக்கு விடலாம். பிரட்டை முழுதாக ஆறவிட்டுத்தான் வெட்டிக் கட்ட வேண்டும். சூட்டோடு கவரில் போட்டால் உள்ளே வேர்த்துச் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். அதற்கான ரேக்குக்கும் இடம் வேண்டும். பல இடங்களில் ஓவன் போதாமல் போவதற்கு முன்பே இந்த ஆறவைக்கும் இடம்தான் போதாமல் போகிறது.

திருப்பூர்: பேக்கரியில் பாதிக்குப் பாதி நிற்கும் சார். நாளைக்கு 10,000 விற்றால் 5,000 கையில். வாடகை 25,000 என்றால் ஐந்து நாளில் வந்துவிடுமே? எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

மாவு, சர்க்கரை, வனஸ்பதி, முட்டை என்று சரக்கை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது ஏறக்குறைய சரி. அதற்கு மேலே உள்ளவற்றையும் கழிக்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன், எண்களை உங்கள் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

100 ரூபாய் விற்பனையில் சரக்கு 48, கவரும் பெட்டியும் 4, சுடும் செலவு 4, விற்காமல் திரும்புவது 6. மிச்சம் 38. அந்த 38-ஐ வைத்துத்தான் புதுக் கடையின் மாதச் செலவைக் கட்ட வேண்டும். வாடகை 25,000, மூன்று பேர் சம்பளம் 42,000, கரண்ட் 9,000, வண்டியும் டிரைவரும் 22,000, சில்லறைச் செலவு 7,000. ஆக 1,05,000. எட்டு லட்சம் கடன் வாங்கி 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை 17,800 வரும். மொத்தம் 1,22,800.

இதை ஈடுகட்ட மாதம் சுமார் 3,23,000, அதாவது நாளைக்கு 10,800 விற்க வேண்டும். நீங்கள் சொன்ன 10,000 விற்றால் மாதக் கடைசியில் கையிலிருந்துதான் போட வேண்டியிருக்கும். ரிட்டர்ன் 6-லிருந்து 12 ஆனால் தேவை 12,800 ஆகிவிடும். புதுக் கடையில் முதல் சில மாதம் ரிட்டர்ன் கூடத்தான் செய்யும். எது எவ்வளவு போகும் என்பது அதற்குள் பிடிபடாது. அந்த மாதங்களின் நஷ்டத்துக்கான பணத்தையும் கடன் கேட்கும்போதே முதலீட்டில் சேர்த்துவிடுங்கள். பலர் இன்டீரியருக்கும் டிஸ்ப்ளே சில்லருக்கும் போட்டுவிட்டு, நாலாவது மாதம் பழைய கடைக் கல்லாவிலிருந்து எடுக்கிறார்கள். அப்போது மைதாக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி ஏறும், நன்றாக ஓடிய கடையும் தள்ளாட ஆரம்பிக்கும்.

சேலம்: நாங்கள் மெயின் ரோட்டிலேயே ஒரு கிலோமீட்டர் தள்ளி இரண்டாவது கடை போட்டோம். புதுக் கடையில் 12,000 ஓடுகிறது, ஆனால் மொத்தமாகப் பார்த்தால் பணம் மிஞ்சவில்லை. எங்கே போகிறது?

பழைய கடை பில்லை எடுத்துப் பாருங்கள் அம்மா. திறப்பதற்கு முந்தைய மூன்று மாதத்தையும் இப்போதையதையும் கிழமை வாரியாக ஒப்பிடுங்கள். அங்கே நாளைக்கு 3,000 குறைந்திருந்தால், புதுக் கடை உண்மையில் கொண்டு வந்தது 9,000தான். மேலே சொன்ன 10,800 என்பது இரண்டு கடையும் சேர்ந்து கூடுதலாக வர வேண்டிய விற்பனை. பொள்ளாச்சிக்காரருக்கு இந்தச் சிக்கல் குறைவு, ஊர் வேறு. அவருக்குத் தூரம்தான் செலவு.

மதுரை: நான் வீட்டில் கேக் செய்து விற்கிறேன் அண்ணா. எந்த ஓவன் வாங்கலாம்?

அது வேறு கணக்கு, தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். ஒன்று மட்டும் இரண்டு பேருக்கும் பொருந்தும்: உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ இடத்துக்குத்தான். பழைய கடையின் உரிமத்தை வைத்துப் புது இடத்தில் விற்க முடியாது. ஜி.எஸ்.டி. அப்படியில்லை, ஒரே மாநிலத்துக்குள் என்றால் இருக்கும் பதிவிலேயே புது இடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கோவை, முன்னாள் மாஸ்டர்: வண்டியில் வந்த பப்ஸை எவன் சாப்பிடுவான்? கடையிலேயே சுட்டால் வாசனைக்கே கூட்டம் வரும். சின்ன ஓவன் ஒன்று போடச் சொல்லுங்கள்.

பப்ஸ் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். லேயர் போட்டு மசாலா வைத்து மடித்ததை ஃப்ரீசரில் வைத்து அங்கே அனுப்பிச் சுட்டால் மொறுமொறுப்பு நிற்கும். தேவைக்கு ஏற்ப ஈடு போடலாம், ரிட்டர்னும் குறையும். மதிய ஓவன் நெருக்கடியும் தீரும். பன் மாவுக்கு இது அவ்வளவு எளிதில்லை. ஃப்ரீசரில் ஈஸ்ட் வலு இழக்கும், எழும்புவது குறையும். அதனால் பன்னும் பிரட்டும் பொள்ளாச்சியிலேயே வெந்து போகட்டும்.

ஆனால் ஓவன் போட்டால் கரண்ட் விஷயத்தைப் பார்க்க வேண்டும். மூன்று ஃபேஸ் இருக்கிறதா, எத்தனை கிலோவாட் அனுமதி, கனெக்‌ஷன் வீட்டுக்கானதா கடைக்கானதா என்று கட்டிடக்காரரிடம் மின்கட்டண அட்டையையே கேட்டு வாங்கிப் பாருங்கள். வாயால் சொல்வது போதாது. ஃப்ரீசரும் வேண்டும், சுடத் தெரிந்த ஆளும் வேண்டும், சம்பளக் கணக்கு மாறும். வாசனைக்கு எவ்வளவு கூட்டம் கூடும் என்பதை ஓவன் போடாமல் அளக்க வழியில்லை. இங்கே நீங்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

பொள்ளாச்சி, மறுபடியும்: சரி அண்ணா, அங்கே 10,800 ஓடுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்புறம், கல்லாவில் யாரை உட்காரவைப்பது? தம்பி வருகிறேன் என்கிறான்.

அந்த பஸ் ஸ்டாப்பில் சாயங்காலம் நாலு முதல் ஏழு வரை நில்லுங்கள். வேலை நாள் இரண்டு, ஞாயிறு ஒன்று, முடிந்தால் ஒரு மழை நாள். எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பதை விட, பக்கத்து டீக்கடையிலும் பேக்கரியிலும் எத்தனை பேர் வாங்குகிறார்கள், சுமாராக எவ்வளவுக்கு என்று எண்ணுங்கள். சராசரி பில் 60 ரூபாய் என்றால் உங்களுக்கு நாளைக்கு 180 பேர் வேண்டும். பக்கத்துக் கடைக்கே அவ்வளவு பேர் வராத இடமென்றால் யோசியுங்கள். கூடவே அங்குள்ள இரண்டு டீக்கடைக்கு ஒரு மாதம் உங்கள் பப்ஸையும் பன்னையும் போட்டுப் பாருங்கள். வண்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறது, எவ்வளவு திரும்புகிறது என்பது வாடகை கொடுக்காமலே தெரிந்துவிடும்.

தம்பி வருவது நல்லது. அவருக்கும் சம்பளம் எழுதுங்கள், இல்லையென்றால் கடை லாபம் காட்டுவது போலவே இருக்கும். அனுப்பியது, விற்றது, திரும்பியது மூன்றும் தினமும் எண்ணிக்கையில் ஒத்துப்போக வேண்டும். பணத்தை மட்டும் எண்ணினால் போதாது. மாஸ்டர் ஒருவரை நம்பித்தான் இரண்டு கடையும் ஓடும் என்பதை மறக்காதீர்கள். அவர் ஒரு வாரம் லீவு போட்டால் யார் மாவு பிசைவார் என்பதற்கு ஒரு பெயர் சொல்லத் தெரிந்த பிறகு அட்வான்ஸ் பேசலாம். அளவுகளை எழுதித் தருவாரா என்று அவரிடம் இப்போதே கேளுங்கள். தர மறுத்தால், கிணத்துக்கடவு கடையை உதவியாள் தேறும் வரை தள்ளிவைப்பேன்.