ஃபேவரிட்டா, அவுட்சைடரா: எது பணத்தை அதிகம் கரைக்கும்?

"பணி ஓய்வு பெற்றவன். வார இறுதியில் சுங்கை பீசி குதிரைப் பந்தயத் திடலுக்குப் போய் ரேஸுக்குப் பத்து வெள்ளி கட்டுவேன். ஃபேவரிட் ஜெயித்தாலும் கையில் சில்லறைதான் வருகிறது. கூட வரும் நண்பர், அவுட்சைடர் ஒன்று அடித்தால் போன காசெல்லாம் திரும்பிவிடும் என்கிறார். நீண்ட நாளில் எதில் அதிகம் போகும்? தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் பத்து விழுக்காடு கழிவு தருகிறார். அவரிடம் கட்டலாமா?"
– வாசகர், செந்தூல்

ஐயா, ஜெயிக்கும் என்று அதிகம் பேர் நம்பாத அவுட்சைடரில்தான் அதிகம் போகும், அதுவும் பல மடங்கு. பெரும்பாலோர் நம்பிக் கட்டும் ஃபேவரிட்டிலும் பணம் போகத்தான் செய்யும், ஆனால் மெதுவாகப் போகும்.

இதை முதலில் கண்டு எழுதியவர் கிரிஃபித் என்ற அமெரிக்க உளவியலாளர், 1949ல். பிறகு ஸ்னோபெர்க், உல்ஃபர்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1992 முதல் 2001 வரை அமெரிக்கப் பந்தயங்களில் ஓடிய குதிரைகளை மொத்தமாகக் கணக்கெடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு குதிரைக்குக் கட்டியவருக்கு நூற்றுக்கு 23 போயிருக்கிறது. ஒவ்வொரு ரேஸிலும் ஃபேவரிட்டுக்கே கட்டியவருக்கு நூற்றுக்கு ஐந்தரைதான். ஒரு வெள்ளிக்கு நூறும் அதற்கு மேலும் தரும் ஓட்ஸ் உள்ள குதிரைகளுக்குக் கட்டியவருக்கு நூற்றுக்கு 61.

காரணம் எளிது. டோட்டு என்பது பந்தயத் திடலின் அதிகாரபூர்வப் பந்தய முறை, அதில் எல்லோர் பணமும் ஒரே குவியலில் சேர்கிறது. அந்தக் குவியலில் ஒரு பங்கை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்த குதிரைக்குக் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஆகவே பலகையில் தெரியும் ஓட்ஸ் குதிரையின் பலத்தைச் சொல்வதில்லை, அதன்மேல் ஜனங்கள் எவ்வளவு பணம் போட்டார்கள் என்பதைச் சொல்கிறது. நூற்றில் ஒரு வாய்ப்புக்கும் இருநூற்றில் ஒரு வாய்ப்புக்கும் உள்ள வித்தியாசம் மனித மனத்துக்கு எட்டாது. இரண்டுமே 'நடந்தாலும் நடக்கும்' என்றுதான் படும். அதனால் தகுதிக்கு மீறிய பணம் அவுட்சைடர்மேல் விழுகிறது, அதன் ஓட்ஸ் இருக்கவேண்டியதைவிடக் குறைந்துபோகிறது. அங்கே குறைவது ஃபேவரிட் பக்கம் கொஞ்சம் சாதகமாகிறது.

கணக்காகவே பார்ப்போம். புரிவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. குவியலில் 20 விழுக்காடு கழிவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபேவரிட்மேல் மொத்தப் பணத்தில் 40 விழுக்காடு இருந்தால், அது ஜெயிக்கும்போது ஒரு வெள்ளிக்கு இரண்டு வெள்ளி வரும். அவுட்சைடர்மேல் ஒரு விழுக்காடுதான் என்றால் ஒரு வெள்ளிக்கு எண்பது. ஆனால் அந்த மாதிரி ஃபேவரிட் நூற்றுக்கு 44 தடவை ஜெயிக்கிறது, அந்த மாதிரி அவுட்சைடர் இருநூற்றுக்கு ஒரு தடவைதான் ஜெயிக்கிறது என்று வையுங்கள். நீங்கள் 200 ரேஸில் பத்துப் பத்து வெள்ளியாக இரண்டாயிரம் கட்டுகிறீர்கள். ஃபேவரிட் 88 தடவை வந்து 1,760 திரும்பும், நட்டம் 240. அவுட்சைடர் ஒரு தடவை வந்து 800 திரும்பும், நட்டம் 1,200.

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். இதே கணக்கில் அவுட்சைடருக்கு மட்டும் கட்டும் நூறு பேரை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 37 பேருக்கு 200 ரேஸிலும் ஒன்றுகூட அடிக்காது. இன்னொரு 37 பேருக்கு ஒரே ஒரு தடவை அடிக்கும். 18 பேருக்கு இரண்டு தடவை அடிக்கும், அப்போதும் நானூறு வெள்ளி நட்டம். மூன்று தடவையோ அதற்கு மேலோ அடித்து லாபம் பார்ப்பவர்கள் எட்டுப் பேர். கோப்பிக் கடையில் கதை சொல்வது அந்த எட்டுப் பேர்தான். மற்ற 92 பேர் பில்லைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். ஓட்ஸ் அவ்வளவு பெரிய எழுத்தில் மின்னுகிறது. குவியலிலிருந்து எத்தனை விழுக்காடு கழிகிறது என்பதை அதன் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் போட என்ன தடை? கட்டுபவன் தெரிந்துகொள்ளவேண்டிய முதல் எண் அதுதான். பல நாடுகளில் கொடுக்கும் தொகையின் சில்லறையையும் கீழ்நோக்கி வெட்டுகிறார்கள். எண்பது வெள்ளி வாங்குபவனுக்கு அது தெரியாது, ஒன்றே முக்கால் வெள்ளி வாங்கும் ஃபேவரிட்காரனுக்கு அது வலிக்கும்.

ஹாங்காங் ரேஸுக்குக் கட்டுபவராக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். புஷே, ஹால் என்ற இருவர் அங்கே கணக்குப் பார்த்து 1988ல் எழுதியபோது, பணம் அவுட்சைடர் பக்கம் மிகையாகச் சாயும் இந்தச் சாய்வே தென்படவில்லை. அங்கே குவியல் மிகப் பெரிது. 1980களிலிருந்தே பில் பென்டர் போன்ற தொழில்முறைப் பந்தயக்காரர்கள் கணினியில் ஒவ்வொரு குதிரையின் வாய்ப்பையும் கணக்கிட்டுப் பெருந்தொகை கட்டிவந்தார்கள். விலை தவறாக நிற்கும் குதிரையை அப்படிப்பட்டவர்கள் விட்டுவைக்க மாட்டார்கள், அதனால் ஓட்ஸ் நேராகிவிடுகிறது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு "அப்படியானால் ஹாங்காங்கில் அவுட்சைடர் லாபம்" என்று கிளம்பிவிடாதீர்கள். சாய்வு இல்லை என்றால் எல்லாக் குதிரையிலும், குவியலிலிருந்து எடுக்கும் பங்கின் அளவுக்கு ஒரே மாதிரி நட்டம் என்றுதான் பொருள். முதலில் வரும் குதிரைக்குக் கட்டும் வின் பந்தயத்தில் அங்கே அந்தப் பங்கு பதினேழரை விழுக்காடு. அங்கே அவுட்சைடரின் நட்டம் குறைகிறது, ஃபேவரிட்டின் நட்டம் கூடுகிறது.

இனி ஏஜெண்ட். அவர் உங்கள் பணத்தை டோட்டுக்கு அனுப்புவதில்லை, தானே வைத்துக்கொள்கிறார். டோட்டு கழிக்கும் அந்த 20 விழுக்காடு முழுவதும் அவர் கைக்குப் போகிறது, அதிலிருந்துதான் பத்தை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறார். மேலே சொன்ன ஃபேவரிட் கணக்கில் இரண்டாயிரத்துக்குப் பதில் 1,800 கட்டி 1,760 வாங்குவீர்கள், நட்டம் நாற்பதுதான். அதனால்தான் தொடர்ந்து ஃபேவரிட்டுக்கே கட்டுபவரிடம் கழிவு மெல்லச் சுருங்கும், அல்லது "இந்தக் குதிரைக்கு இன்று எடுப்பதில்லை" என்பார். அவுட்சைடருக்கு எவ்வளவு கட்டினாலும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார், ஏனென்றால் அங்கே அவருக்கு 'லிமிட்' இருக்கிறது. டோட்டில் எண்பது மடங்கு வந்தாலும் தன்னிடம் இருபது மடங்குக்கு மேல் கிடையாது என்று ஒரு ஏஜெண்ட் வைத்திருந்தால், உங்கள் ஒரே வெற்றிக்கு 200 வெள்ளிதான். 1,800 கட்டி 200 வாங்கினால் நட்டம் 1,600. கழிவு வாங்கிக்கொண்டு நானூறு வெள்ளி கூடுதலாக இழக்கிறீர்கள். கழிவைப் பற்றிப் பேசும்போது லிமிட்டைப் பற்றி அவராகச் சொன்னாரா என்று நினைத்துப் பாருங்கள்.

அதோடு 1953ஆம் ஆண்டு பந்தயச் சட்டப்படி, உரிமம் இல்லாதவரிடம் கட்டுபவரும் குற்றவாளிதான். காசு தராமல் இழுத்தடித்தால் எந்தப் போலீஸ் நிலையத்தில் போய்ச் சொல்வீர்கள்? கடனுக்கும் எழுதிக்கொள்கிறேன் என்று அவர் ஆரம்பித்தால் அன்றே விலகிவிடுங்கள். கடனில் கட்டுபவர்தான் கடைசி ரேஸில் விட்டதைப் பிடிக்கப் பெரிய அவுட்சைடராகத் தேடுவார்.

விளையாடத்தான் வேண்டும் என்றால் டோட்டு முகப்பிலேயே டிக்கெட் எடுங்கள். குதிரைகள் கேட்டுக்குள் ஏறும் நேரம் வரை பொறுத்திருந்து பலகையைப் பாருங்கள். கடைசி நேரத்தில் விழும் பணம் ஓட்ஸை மாற்றிவிடும், காலையில் பார்த்த ஃபேவரிட் அப்போது ஃபேவரிட்டாக இருக்காது.