டெண்டர் கிடைக்காதவர்களுக்குச் சொல்லும் முறை: ஒரு படுக்கை விரிப்புக் கொள்முதலை வைத்து

கேள்வி: எங்கள் அறக்கட்டளையில் டெண்டர் விட்டு ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். விலைப்புள்ளி கொடுத்த மற்ற மூவருக்கும் கிடைக்கவில்லை என்று சொல்லவேண்டிய பொறுப்பு என்மேல் விழுந்திருக்கிறது. மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? அடுத்த வருடமும் அவர்கள் கலந்துகொள்ள வேண்டும்.

பதில்:

ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் கொள்முதல் பிரிவில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தின் நடையைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில், வழங்குபவர்கள் மனம் வெறுத்துப் போவது பெரும்பாலும் சொற்களால் அல்ல. காலம் தவறிச் சொல்வதாலும், காரணம் சொல்லாமல் விடுவதாலும்தான்.

கடைசியாக நடந்த ஒரு கொள்முதலையே எடுத்துக்கொள்கிறேன். வார்டுகளுக்கு 4,000 வெள்ளைப் படுக்கை விரிப்புகள், 60க்கு 90 அங்குலம். இரண்டு உறை முறை: ஒன்றில் மாதிரியும் தகுதிச் சான்றுகளும், மற்றொன்றில் விலை. விலைப்புள்ளியுடன் ஒவ்வொருவரும் கட்டவேண்டிய முன்வைப்புத் தொகை 20,000 ரூபாய். கரூர், ஈரோடு, மதுரை, சென்னிமலை ஆகிய ஊர்களிலிருந்து ஆளுக்கொருவராக நான்கு பேர் கலந்துகொண்டார்கள். ஒப்பந்தம் சென்னிமலைக்காரருக்குப் போனது. மற்ற மூவரும் மூன்று வேறு நிலைகளில் விடுபட்டார்கள். ஆகவே மூன்று கடிதங்கள். ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால், அதைப் படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

முதலில் கரூர்க்காரர். வந்த மாதிரிகளை எங்கள் சலவைக்கூடத்தில் 71 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 25 நிமிடம் வீதம் இருபது முறை துவைத்தோம். சுருக்கம் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை. இவருடைய விரிப்பு நீளத்தில் 8 சதவீதம் சுருங்கியது. 90 அங்குலம் ஏறக்குறைய 83 ஆகிவிட்டது. எங்கள் மெத்தையின் நீளம் 78 அங்குலம். தலைப்பக்கமும் கால்பக்கமும் உள்ளே மடித்துச் செருகத் துணி போதாது. நோயாளி இரண்டு முறை புரண்டு படுத்தாலே விரிப்பு கழன்று வந்துவிடும். மாதிரிச் சோதனையிலேயே தவறியதால் அவருடைய விலை உறையை நாங்கள் பிரிக்கவில்லை.

அவருக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும். மற்ற விலைகளைத் திறந்து, குழு கூடி, ஒப்பந்தம் முடிவாகும் வரை அவரைக் காத்திருக்க வைப்பதில் பொருளே இல்லை. சோதனை முடிந்த மறுநாள் அலைபேசியில் அழைத்துச் சொன்னேன். வயதில் மூத்தவர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி தம்பி. முடிவு தெரியாமல்தான் நூல் வாங்காமல் இருந்தேன். இப்போதாவது சொன்னீர்களே" என்றார். அவர் சொன்னதை நன்றாக யோசித்துப் பாருங்கள். நாம் முடிவைச் சொல்லாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அவருடைய பணமும் தறியும் நமக்காக முடங்கிக் கிடக்கின்றன.

அன்றே கடிதம் போனது. அதனுடன் சோதனைத் தாளின் நகல், துவைத்த மாதிரி விரிப்பு, முத்திரை உடையாத விலை உறை மூன்றையும் அனுப்பினோம். விலை உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவதைச் சிறிய விஷயம் என்று நினைக்காதீர்கள். தன் விலையை யாரும் பார்க்கவில்லை, வேறு யாருக்கும் அது போகவில்லை என்பதற்கு அவர் கையில் இருக்கும் சாட்சி அதுதான். முன்வைப்புத் தொகையும் அந்த வாரமே போய்விட்டது.

ஈரோட்டுக்காரருடைய நிலை வேறு. அவருடைய மாதிரி எல்லாச் சோதனையிலும் தேறியது. விலையில் இரண்டாம் இடம். விரிப்புக்கு 7 ரூபாய் வித்தியாசம், மொத்தத்தில் 28,000. இங்கேதான் அவசரப்படக் கூடாது. பல வருடங்களுக்கு முன் நானே அந்தத் தவறைச் செய்தேன். குழு முடிவெடுத்த அன்று மாலையே மற்றவர்களை அழைத்து, உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்து, தேர்வானவர் நூல் விலை ஏறிவிட்டது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். இரண்டாம் இடத்தில் இருந்தவரிடம் திரும்பப் போனேன். விலை செல்லுபடியாகும் காலம் இன்னும் முடியவில்லை. ஆனால் அவர், "நீங்கள் இல்லை என்று சொன்ன அன்றே தறிகளை வேறு ஆர்டருக்கு விட்டுவிட்டேனே" என்றார். அவர்மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்? மறுபடியும் டெண்டர் விட்டோம். அதுவரை வார்டுகளில் கிழிந்த விரிப்புகளைத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதிலிருந்து இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கு இரண்டு கட்டமாகச் சொல்கிறேன். குழு முடிவெடுத்ததும் ஒரு சிறிய கடிதம்: தங்கள் விலைப்புள்ளி இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, இன்ன தேதிக்குள் இறுதி முடிவைத் தெரிவிப்போம். இது பொய் அல்ல. தேர்வானவர் கையெழுத்திடும் வரை அதுதான் உண்மை நிலை. ஆனால் கொடுத்த தேதியைத் தாண்டக் கூடாது. தேர்வானவர், சொன்னபடி வழங்குவேன் என்பதற்கான உறுதி வைப்புத் தொகையைக் கட்டிக் கையெழுத்திட்ட அன்றே இறுதிக் கடிதம் போய்விட வேண்டும். நாளைக்கு என்று தள்ளினால், நூல் கடையிலோ லாரி அலுவலகத்திலோ வேறு யாரோ சொல்லி அவருக்குத் தெரிந்துவிடும். நெசவு ஊர்களில் செய்தி அவ்வளவு வேகமாகப் போகும்.

ஈரோட்டுக்காரருக்கு அனுப்பிய கடிதத்தின் உடல் பகுதி இது:

"4,000 படுக்கை விரிப்புகள் வழங்குவதற்காகத் தாங்கள் அளித்த விலைப்புள்ளிக்கு நன்றி. இந்த ஒப்பந்தத்துக்குத் தங்கள் நிறுவனம் தேர்வாகவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் மாதிரி எங்கள் சலவைச் சோதனையில் எல்லா அளவுகளிலும் தேறியது. விலை ஒப்பீட்டில் தாங்கள் இரண்டாம் இடத்தில் இருந்தீர்கள்; குறைந்த விலை அளித்த நிறுவனத்துடன் இன்று ஒப்பந்தம் கையெழுத்தாகியுள்ளது. தங்கள் முன்வைப்புத் தொகை 20,000 ரூபாய் இன்று தங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பப்பட்டது. தங்கள் பெயர் எங்கள் வழங்குநர் பதிவேட்டில் தொடர்கிறது. அடுத்த ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு பிப்ரவரியில் வெளியாகும்போது அதன் பிரதியைத் தங்களுக்கு அனுப்புவோம். தங்கள் விலைப்புள்ளியை நாங்கள் மதிப்பிட்ட விதம் பற்றி அறிய விரும்பினால், 15 நாட்களுக்குள் கீழ்க்கண்ட எண்ணில் அழைக்கலாம்."

முடிவு இரண்டாம் வாக்கியத்திலேயே வந்துவிடுவதைக் கவனியுங்கள். நான்கு வரி புகழ்ந்துவிட்டு ஐந்தாவது வரியில் இல்லை என்று சொன்னால், முதல் நான்கு வரியையும் அவர் நம்பமாட்டார்.

"தேர்வாகவில்லை" என்ற சொல்லையும் தெரிந்தேதான் போட்டேன். பல அலுவலகங்களில் எல்லோருக்கும் "நிராகரிக்கப்பட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். டெண்டர் வழக்கில் நிராகரிப்பு என்றால் விலைப்புள்ளியில் குறை இருந்தது, நிபந்தனைக்கு உட்படவில்லை என்று பொருள். கரூர்க்காரருக்கு அது பொருந்தும். அவருக்கும்கூட, எந்த நிபந்தனை, எவ்வளவு குறை என்று சேர்த்தே எழுதவேண்டும். 7 ரூபாயில் பின்தங்கியவருக்கு அந்தச் சொல்லைப் போடுவது அநியாயம்.

கதவைத் திறந்து வைப்பதற்காக "அடுத்த முறை கட்டாயம் தங்களுக்கு வாய்ப்பளிப்போம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை அவர் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமையும் உண்டு. அடுத்த வருடம் அவருக்குக் கிடைக்காவிட்டால் உங்கள் கடிதத்தையே தூக்கிக்கொண்டு வருவார். பதிவேட்டில் பெயர் இருக்கிறது, அறிவிப்பு இன்ன மாதம் வரும், பிரதி அனுப்புவோம் என்ற மூன்றும் நம்மால் செய்யக்கூடியவை. அந்த அளவோடு நிறுத்துவது நல்லது.

மதுரைக்காரர் விலையில் மூன்றாம் இடம். தேர்வாக வாய்ப்பில்லை என்பது தெரிந்திருந்ததால் அவருடைய தொகையை முன்பே விடுவித்துவிட்டோம். கடிதமும் இதே போல்தான்.

கடிதம் கிடைத்தபின் அழைப்பு வரும். ஈரோட்டுக்காரர் மறுநாள் அழைத்தார். "ஐயா, நான் பத்து ரூபாய் குறைத்துக்கொள்கிறேனே, இப்போதும் பார்க்க முடியாதா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு இழுக்காமல் பதில் சொல்ல வேண்டும். "இன்று உங்களிடம் விலை குறைத்து வாங்கினால், நாளை உங்களுக்கு ஒப்பந்தம் கிடைக்கும்போது வேறொருவர் வந்து குறைப்பார். அதை நான் அப்போது அனுமதிக்க மாட்டேன், இப்போதும் முடியாது" என்றேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார். வென்றவரின் விலை விவரத்தையும் கேட்டார். அவர் எந்த நூலை என்ன விலைக்குப் போட்டார் என்பதை நான் சொல்லவில்லை. அவரவர் விலைப்புள்ளி நம் நிபந்தனைகளுக்கு எதிரே எப்படி நின்றது என்பதை எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இன்னொருவருடைய தாளைத் திறந்து காட்டக் கூடாது. வென்றவரின் பெயரையும் மொத்தத் தொகையையும் வெளியிடுவீர்களா என்பதை டெண்டர் ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள். எங்கள் ஆவணத்தில் பெயர் மட்டும் உண்டு, அதனால் கேட்டதும் பெயரைச் சொன்னேன்.

இதெல்லாம் தனியார் நிறுவனத்துக்கு. அரசு நிதியில் நடக்கும் கொள்முதலாக இருந்தால் விதிகள் முன்னால் நிற்கும். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளின்படி, தேர்வாகாதவர்களின் முன்வைப்புத் தொகையை ஒப்பந்தம் வழங்கிய 30ஆம் நாளுக்குள் திருப்பிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, முடிவால் பாதிக்கப்பட்டவர் 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கே எழுத்து வழி அறிவிப்புக்கு முன்னால் அலைபேசியில் பேசுவதையே தவிர்த்துவிடுங்கள்.

பிப்ரவரியில் அறிவிப்பின் பிரதியை மூவருக்கும் அனுப்பினேன். முதலில் அழைத்தவர் கரூர்க்காரர். விலையைப் பற்றிக் கேட்கவில்லை. சலவைக்கூடத்தில் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். துணியை முன்கூட்டியே சுருக்கி எடுத்து, தானே இருபது முறை துவைத்துப் பார்த்துவிட்டு மாதிரி அனுப்புகிறேன் என்றார்.