ஆர்பிட்டால் வடிவமும் கணுவும்

கேள்வி: p ஆர்பிட்டாலின் நடுவே உள்ள கணுத்தளத்தில் எலக்ட்ரான் இருக்க வாய்ப்பே இல்லை என்கிறார்கள். அப்படியானால் மேல் மடலிலிருந்து கீழ் மடலுக்கு அது எப்படி வருகிறது? dz² மட்டும் ஏன் இடுப்பில் வளையம் போட்டுக்கொண்டு தனியாக நிற்கிறது?

பதில்:

படத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுச் சார்பைப் பாருங்கள். ஹைட்ரஜன் அணுவின் அலைச்சார்பை ψ = R(r)·Y(θ,φ) என்று பிரித்து எழுதலாம். கருவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை R கவனித்துக்கொள்கிறது, எந்தத் திசை என்பதை Y. இந்த Y-க்குத்தான் கோள ஒத்திசைவுச் சார்பு என்று பெயர். s-க்கு அது வெறும் மாறிலி. எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே மதிப்பு, ஆகவே உருண்டை. (2s-க்குள் ஒரு கோள வடிவக் கணு இருக்கிறதே என்றால், அது R கொடுப்பது.)

pz-க்கு Y என்பது cosθ-வின் மடங்கு. θ என்பது z அச்சிலிருந்து அளக்கும் கோணம். மேலே cosθ = +1, கீழே −1, சரியாக 90°-இல் பூஜ்யம். இந்தக் கூட்டலும் கழித்தலும் மின்னூட்டம் அல்ல, அலையின் குறி. தொடர்ச்சியான ஒரு சார்பு கூட்டலிலிருந்து கழித்தலுக்குப் போக வேண்டுமானால் நடுவில் எங்காவது பூஜ்யத்தைத் தொட்டே ஆக வேண்டும். அப்படிக் குறி மாறும் இடம்தான் கணு. அங்கே சுவர் எதுவும் எழுப்பப்படவில்லை.

தளத்துக்குத் தடிமன் கிடையாது என்பதால், எந்தத் தளத்தின் மீதும் சரியாக இருக்கும் நிகழ்தகவு எப்படியும் பூஜ்யம்தான். கணுவின் அருகில் என்ன நடக்கிறது என்பதே பார்க்க வேண்டியது. cosθ −0.1-க்கும் +0.1-க்கும் இடைப்பட்ட பட்டையை எடுத்துக்கொள்வோம், அதாவது θ சுமார் 84°-இலிருந்து 96° வரை. எல்லாத் திசைகளிலும் பத்தில் ஒரு பங்கு இந்தப் பட்டைக்குள் வந்துவிடும். ஆனால் (3/2)cos²θ-வைத் தொகையிட்டால் எலக்ட்ரான் அங்கே இருக்கும் நிகழ்தகவு 0.1³, ஆயிரத்தில் ஒன்று. அடர்த்தி சட்டென்று அறுபடுவதில்லை, மெல்லத் தேய்ந்து பூஜ்யமாகிறது.

இனி, எப்படி வருகிறது என்பது. வருவதில்லை. 2pz ஒரு நிலை அலை. அதன் |ψ|² காலத்தோடு மாறாது. எலக்ட்ரான் ஒரு சிறு உருண்டையாக மேலும் கீழும் ஓடுவதாக நினைத்தால்தான் இந்தக் கேள்வியே எழும். வீணைத் தந்தி இரண்டு பாதியாக அதிரும்போது நடுப்புள்ளி அசைவதில்லை. இடப்பாதியின் அதிர்வு வலப்பாதிக்கு எப்படித் தாண்டியது என்று யாரும் கேட்பதில்லை, இரண்டும் சேர்ந்துதான் ஒரே அதிர்வு. சிலர் இங்கே டிராக் சமன்பாட்டை இழுத்துவந்து, சார்பியலைச் சேர்த்தால் அந்தத் தளத்தில் அடர்த்தி முழுப் பூஜ்யம் இல்லை என்பார்கள். அது உண்மைதான், ஆனால் இந்தக் குழப்பத்துக்கு மருந்து அதுவல்ல.

எலக்ட்ரான் நிஜமாகவே இடம் மாற வேண்டுமா? 1s-ஐயும் 2pz-ஐயும் கலந்த நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது அடர்த்தி மேலும் கீழும் ஊசலாடும். இரண்டுக்கும் ஆற்றல் வித்தியாசம் 10.2 eV, ஆகவே ஓர் ஊசலுக்கு ஆகும் நேரம் h/ΔE, சுமார் 4 × 10⁻¹⁶ வினாடி. அந்த xy தளத்தில் இப்போது 2pz பூஜ்யமாக இருந்தாலும் 1s இருக்கிறது, அதனால் அங்கே கணுவே இல்லை.

சரி, dz²-க்கு வருவோம். நான்கு மடல் வடிவத்தில் xy, yz, zx, x²−y², y²−z², z²−x² என ஆறு சார்புகள் எழுதலாம். ஆனால் கடைசி மூன்றையும் கூட்டினால் பூஜ்யம் வருகிறது, ஆகவே அவற்றில் இரண்டுதான் தனித்தவை. x²−y²-ஐ வைத்துக்கொண்டால், மிச்சத்தை (z²−x²) + (z²−y²) என்று சேர்த்து எழுதுகிறோம். அது 3z²−r², கோணத்தில் சொன்னால் 3cos²θ−1. z பக்கம் இரண்டு மடல்களும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து நீள்கின்றன; x, y பக்க மடல்கள் இணைந்து வளையமாகின்றன. அச்சில் மதிப்பு +2, வளையத்தில் −1. வர்க்கம் எடுத்தால், கருவிலிருந்து ஒரே தூரத்தில் அச்சில் உள்ள அடர்த்தி வளையத்தில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு.

dxy-க்கு இரண்டு கணுத்தளங்கள் என்றால், இதற்கு இரண்டு கணுக்கூம்புகள். cos²θ = 1/3 ஆகும் இடத்தில், z அச்சிலிருந்து 54.7°-இல் ஒன்று, அதன் கீழ்ப்பக்க ஜோடி 125.3°-இல். திடநிலை என்.எம்.ஆர். செய்பவர்கள் மாதிரியைக் காந்தப்புலத்துக்கு 54.7° சாய்த்து வைத்துச் சுழற்றுவதும் இதே 3cos²θ−1 பூஜ்யமாகட்டும் என்றுதான்.