பெயரைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்கள்

கேள்வி: விழாக்களில் பக்கத்தில் இருப்பவரிடம் வணக்கம் சொல்லி, பெயரும் சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் கதை நகருதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, தெஹிவளை

பதில்: பெயரை ஏன் அவ்வளவு அவசரமாகச் சொல்கிறீர்கள்? வணக்கத்துக்கு வணக்கம், பெயருக்குப் பெயர். இரண்டும் பதில் வந்ததுமே முடிந்துபோகின்றன. "நான் சுதா" என்றால் "நான் மாலதி" என்பார். அதைப் பிடித்துக்கொண்டு மேலே கதைக்க ஒன்றுமில்லை.

அந்த இடைவெளியில்தான் நம்மவர்களின் கேள்வி வந்து விழுகிறது: "சொந்த இடம் எது?" இந்தப் பக்கத்தில் இதைப் பலமுறை திட்டியிருக்கிறேன், இனியும் திட்டுவேன். வெள்ளவத்தை என்றால், "அது சரி, ஊர்?" ஊரைச் சொன்னால், "அதில எந்தப் பக்கம்?" அப்புறம், "ஆற்ற பிள்ளை?" கடைசிக் கேள்வி சாதியைத் தேடுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். ஹட்டனிலிருந்து வந்த பிள்ளை ஊர்ப் பெயரைச் சொல்லுமுன் தயங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு இதே கேள்விக்குப் பதில் சொன்ன நகரம் கொழும்பு. அதைக் கலியாண வீட்டிலுமா கேட்பது?

பேச்சை எப்படித் தொடங்குகிறோம் என்பதைப் பற்றி மொழியியலாளர் ஜோன் லேவர் 1975இல் எழுதினார். முதல் பேச்சு மூன்றில் ஒன்றைத் தொடும்: இருவருக்கும் பொதுவான சூழல், தன்னைப் பற்றி, மற்றவரைப் பற்றி. பொதுவானது யாரையும் சீண்டாது. மற்றவரைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்கும் உரிமையை மேலே இருப்பவர்தான் எடுத்துக்கொள்வார். "கலியாணம் முடிஞ்சுதோ?" என்று அன்ரி கேட்கலாம், அந்தப் பெண்ணால் திருப்பி ஒன்றும் கேட்க முடியாது. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்றே போனால் கதை செத்துவிடும்.

57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்கத்தில் ஒரு நூல் வெளியீடு என்று வையுங்கள். நாலரைக்கு என்ற கூட்டம் இன்னும் தொடங்கவில்லை. "இப்பதான் மைக் பூட்டுறாங்கள்" என்று சொல்லுங்கள். "ஓம், நான் மட்டக்குளியிலயிருந்து ரெண்டு பஸ் மாறி ஓடி வந்தனான்" என்பார் பக்கத்திலிருப்பவர். கேளாமலே தன்னைப் பற்றி ஒன்று தந்துவிட்டார். அதைப் பிடியுங்கள்: "அவ்வளவு தூரத்திலயிருந்தா? எழுதினவரைத் தெரியுமோ?" "என்ர மகளுக்குப் படிப்பிச்சவர்." இப்போது சொல்லுங்கள் பெயரை, ஆனால் தனியாக அல்ல: "நான் சுதா, அவரோட ஒரே பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன்." மகளைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி, ஆசிரியரைப் பற்றி என்று இருவருக்கும் கேட்க இருக்கிறது. ஊர் தானாக வந்தால் வரட்டும்.

இரண்டு தரம் வெறும் "ஓம்" மட்டும் வந்து, திருப்பி ஒன்றும் கேட்காவிட்டால் அவருக்கு இப்போது கதைக்க மனமில்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று எழும்புங்கள்.