இரவு 12 முதல் காலை 6 வரை ஃப்ரீ டேட்டா: கேள்வியும் பதிலும்

தூக்கமில்லாதவன்: 11.50க்கு ஒரு படம் டவுன்லோட் போட்டேன், 12.20க்கு முடிஞ்சுது. இது ஃப்ரீயா, பகல் கணக்கா?

ரெண்டும்தான். 12 மணி வரைக்கும் வந்தது பகல் டேட்டாவில் கழியும், அதுக்கப்புறம் வந்தது ஃப்ரீ. நீங்க பட்டனை எப்போ அழுத்தினீங்கன்னு யாரும் பார்க்கிறதில்லை. டேட்டா, கம்பெனி நெட்டோட வாசலான கேட்வேயை எப்போ தாண்டுதுங்கிறதுதான் கணக்கு.

ஆனா அந்த 12 மணிக் கோடு கத்தியால வெட்டின மாதிரி இருக்காது. உங்க போன் நெட்டைத் தொட்டதும் கேட்வே, பேலன்ஸ் பார்க்கிற சிஸ்டத்துக்கிட்ட “இவருக்கு எவ்வளவு விடலாம்?”னு கேட்கும். சிஸ்டம் மொத்தத்தையும் தூக்கிக் கொடுக்காது, ஒரு துண்டு ஒதுக்கும். அந்தத் துண்டு 50 எம்பின்னு வச்சுக்குங்க. அது தீர்ந்ததும் கேட்வே கணக்கை ஒப்படைச்சுட்டு அடுத்த துண்டு கேட்கும். படம் முழுக்க இப்படித் துண்டு துண்டாத்தான் வருது.

11.59க்கு ஒரு துண்டு வாங்கி, 12க்கு முன்னால 20 எம்பியும் பின்னால 30 எம்பியும் ஓடினா என்ன ஆகும்? துண்டு கொடுக்கும்போதே “12 மணிக்குக் கட்டணம் மாறுது”ன்னு சிஸ்டம் சேர்த்துச் சொல்லியிருந்தா, கேட்வே ரெண்டு மீட்டர் போட்டு 20, 30ன்னு தனித்தனியா ஒப்படைக்கும். இதுக்குன்னே `Tariff-Time-Change`னு ஒரு புலம் 2005ல் வந்த RFC 4006ங்கிற இணையத் தரநிலை ஆவணத்துலேயே இருக்கு. அதைச் சொல்லி அனுப்பாத சிஸ்டமா இருந்தா 50ம் பிரியாம ஒரே பக்கம் விழும். நஷ்டமானாலும் ஒரு துண்டுதான், முழுப் படமும் இல்லை.

மல்லிகை: அக்கா, போன் டைமை ரெண்டு மணி நேரம் முன்னாடி நகர்த்தி வச்சா 10 மணிக்கே ஃப்ரீ ஆயிடுமா?

ஆகாதும்மா. ஓடுறது கம்பெனி கடிகாரம், உங்க போன் மணி அங்கே போகவே போகாது. கெடுதல்தான் வரும். போன் மணி நாலு நிமிஷம் வேகமா இருந்து, 12 மணிக்கு டவுன்லோட் ஆரம்பிக்கச் சொல்லி வச்சிருந்தா, அது நிஜ மணி 11.56க்கே பகல் டேட்டாவைத் தின்ன ஆரம்பிச்சுடும். தானியங்கி நேரத்தை ஆன் பண்ணிட்டு, டவுன்லோடை 12.05க்கு வையுங்க.

ரெண்டாம்_ஷிப்ட்: பகல் டேட்டா 11 மணிக்கே காலி. 12க்கு மேல ஃப்ரீன்னு போட்டிருக்கு, ஆனா 12.30 வரைக்கும் நத்தை மாதிரிதான் ஓடுது. ஏமாத்துறாங்களா?

ஏமாத்தலா இருக்க வாய்ப்பு குறைவு. டேட்டா தீர்ந்ததும் உங்க இணைப்பு மேல வேகக் கட்டுப்பாடு ஒண்ணு போட்டாங்க இல்லையா, 12 மணிக்கு அதை எடுக்கச் சொல்லி ஒரு உத்தரவு கேட்வேக்குப் போகணும். சில சமயம் அது, திறந்தே இருக்கிற இணைப்புக்குப் போய்ச் சேராது, இல்லை தாமதமாப் போகும். பேலன்ஸ் கணக்கில் நீங்க ஃப்ரீ, வேகக் கட்டுப்பாடு மட்டும் பழசு.

12.02க்கு மேல ஃப்ளைட் மோடு போட்டு, 20 நொடி விட்டு எடுங்க. பழைய இணைப்பு மூடி புதுசு திறக்கும், புது இணைப்புக்குப் புது விதி வரும். அப்பவும் நத்தைன்னா, 12க்கு முன்னால ஒரு ஸ்பீட் டெஸ்ட், பின்னால ஒண்ணு, ரெண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகார் கொடுங்க. நடு ராத்திரியில டவர் நெரிசலால் வேகம் குறைஞ்சா எண் ஏறி இறங்கும். கட்டுப்பாடா இருந்தா ஒரே எண்ணில் ஒட்டிக்கிட்டு நிக்கும்.

கணக்குவாத்தியார்: முதல் பதில் தவறு. செஷன் எப்போது ஆரம்பித்ததோ அந்த நேரத்துக் கட்டணம்தான் முழுவதற்கும். கஸ்டமர் கேரிலேயே அப்படித்தான் சொன்னார்கள்.

சார், நீங்க சொல்ற செஷன் டவுன்லோட் இல்லை. போன் நெட்டோடு இணைஞ்சதுலேர்ந்து துண்டிக்கிற வரைக்கும் ஒரு செஷன். போனை அணைக்காம, சிக்னல் போகாம இருந்தா அது நாள் கணக்கில் நீளும். உங்க விதிப்படி பார்த்தா, திங்கள் காலை போனை ஆன் பண்ணி வியாழன் வரைக்கும் அணைக்காதவருக்கு மூணு ராத்திரியும் ஃப்ரீ கிடையாது. இன்னொருத்தர் ராத்திரி 1 மணிக்கு ஃப்ளைட் மோடு போட்டு எடுத்துட்டு, பகல் பூரா ஃப்ரீயா ஓட்டலாம். எந்தக் கம்பெனி அதுக்குச் சம்மதிக்கும்?

கணக்குவாத்தியார்: என் விவரப் பட்டியலில் 11.40 என்று ஒரே வரி, 900 எம்பி. 12க்குப் பிறகு தனி வரி கிடையாது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இங்கேதான் உங்க பேச்சுல பாதி நியாயம் இருக்கு. அந்தப் பட்டியல் வேற பதிவிலிருந்து வருது. அதில் ஆரம்ப நேரமும் மொத்த அளவும் மட்டும் காட்டுறவங்க உண்டு, கட்டண எல்லையில வரியை வெட்டிப் புது வரி போடுறவங்களும் உண்டு. உங்களோடது முதல் ரகம். வரியில 11.40ன்னு இருக்கிறதால 900ம் பகல் டேட்டாவில் கழிஞ்சுதுன்னு ஆகாது. பேலன்ஸ் எவ்வளவு இறங்குச்சுன்னு பார்க்கணும்.

வெள்ளை_ரவுட்டர்: எங்க வீட்டு ஃபைபர் ராத்திரி பத்து மணிக்கு மேல ரொம்ப ஸ்லோ. இது எந்தக் கணக்கு?

அது வேற சமாச்சாரம், ஃபைபர்காரங்களைக் கேளுங்க.

கணக்குவாத்தியார்: பேலன்ஸ் பார்க்கலாம் என்றால், 12 மணிக்குப் பகல் டேட்டாவே புதிதாக ஏறிவிடுகிறதே? எப்படிப் பார்ப்பது?

நல்ல கேள்வி சார். நிறையப் பேர் 12 மணிக் கோட்டில் சோதிச்சுக் குழம்புறது இதனாலதான். தினசரி அளவு 12க்குப் புதுப்பிக்கிற பிளான்ல, 11.59 வரைக்கும் கழிஞ்சதோட தடயமே அழிஞ்சுபோகுது. அதனால ஆறு மணிக் கோட்டில் சோதிக்கணும். உங்க பிளான் தினசரி 1.5 ஜிபின்னா, 12க்கு ஏறின அந்த 1.5 ஜிபி, ஃப்ரீ நேரம் முடியும்போது தொடாம இருக்கணும். கம்பெனிக் கணக்கில் அது 1536 எம்பி.

5.50க்கு வைஃபையை அணைச்சு, மத்த ஆப்களோட பின்னணி டேட்டாவையும் நிறுத்திட்டு, கம்பெனி ஆப்பில் பேலன்ஸைக் குறிச்சுக்குங்க. சரியா 5.55க்கு, போனில் கட்டளை அடிக்கிற டெர்மக்ஸ் ஆப்பில் இதைப் போடுங்க. URLங்கிற இடத்தில் 200 எம்பிக்குக் குறையாத ஒரு ஃபைலோட முகவரி:

```
curl -L -o /dev/null --limit-rate 200k --max-time 600 URL
```

நொடிக்கு 200 கேபி வீதம் பத்து நிமிஷம் ஓடி, தானா நிக்கும். ஆறு மணிக்கு முன்னால அஞ்சு நிமிஷம், பின்னால அஞ்சு நிமிஷம். ஒவ்வொரு பாதியும் 58.6 எம்பி. டேட்டா சின்னச் சின்ன பாக்கெட்டாத்தான் வரும், ஒவ்வொண்ணுக்கும் முகவரி எழுதின மேலுறை இருக்கும், அதையும் கம்பெனி எண்ணும்ங்கிறதால பாதிக்கு ஏறக்குறைய 61ன்னு வையுங்க. 6.20க்கு மேல பேலன்ஸ் பாருங்க, அதுக்கு முன்னால பார்த்தா கடைசித் துண்டு கணக்கில் வராம இருக்கலாம்.

1475 பக்கத்தில் நின்னா நேரப்படிதான் பிரிச்சிருக்காங்க. 1536லேயே நின்னா உங்க கட்சி ஜெயிச்சுது. 1414க்கு இறங்கினா முழுசையும் பகலில் ஏத்தியிருக்காங்க, உடனே புகார் கொடுங்க. எந்த முடிவு வந்தாலும் போடுங்க.

மூணாவது_மாடி: 5.58க்கு வீடியோவை நிறுத்திட்டேன். ஆனாலும் காலையிலேயே பகல் கணக்கில் 140 எம்பி போயிருக்கு.

நீங்க நிறுத்தினது வீடியோவை மட்டும்தான். ஃபோட்டோ பேக்கப், ஆப் அப்டேட் எல்லாம் ஃப்ரீ நேரத்துல ஆரம்பிச்சு ஆறு மணிக்கு மேலேயும் ஓடும், அதுங்களுக்கு ஆறு மணின்னா என்னன்னு தெரியாது. போனோட டேட்டா பயன்பாடு பக்கத்தில் ஆப் வாரியா பாருங்க, ஆள் சிக்கிடும். பேக்கப்பில் அனுப்புற டேட்டாவும் எண்ணிக்கையில் சேரும், டவுன்லோட் மட்டும்தான்னு நினைக்காதீங்க. 5.50க்கே மொபைல் டேட்டாவை அணைச்சுடுங்க. கடைசிப் பத்து நிமிஷத்துல மிச்சம் பிடிக்கிறதை விட விடுறது அதிகம்.

புதுசிம்: அண்ணா, போன் டைமை மாத்தி வச்சா…

மேலே இருக்கு. ஆகாது. அண்ணா இல்லை, அக்கா.

சில்லறை: 28 நாள் பிளான் போட்டா 28 ராத்திரி கிடைக்கும்தானே?

பெரும்பாலும் 27தான். 1ஆம் தேதி காலை 10 மணிக்கு ரீசார்ஜ் பண்ணா அன்னைக்கு 12 முதல் 6 ஏற்கெனவே போயிடுச்சு. செல்லுபடி 28ஆம் தேதி இரவு 11.59 வரைக்கும்னா, கிடைக்கிறது 2ஆம் தேதியிலிருந்து 28 வரைக்குமான அதிகாலைகள். எண்ணிப் பாருங்க, 27. “28ஆம் தேதி ராத்திரி”ன்னு நீங்க நினைக்கிற 12 மணி, கணக்கில் 29ஆம் தேதி. அந்த ராத்திரிக்குப் பெரிய டவுன்லோடை ஒத்தி வச்சுட்டு உட்காராதீங்க. அடுத்த ரீசார்ஜ் வரிசையில் காத்திருந்தா, 12க்கு அது தொடங்கும், அப்போ பிரச்சினை இல்லை. சில பிளான்கள் ரீசார்ஜ் பண்ண மணியிலிருந்து 24 மணி நேரமா நாளை எண்ணும், அங்கே இந்தக் கணக்கு மாறும்.

ஊர்சுத்தி: வெளிநாட்டுல ரோமிங்ல இருந்தா எந்த ஊர் 12 மணி?

முதல்ல ரோமிங்கில் இந்தச் சலுகை உண்டான்னு பிளான் விதியைப் பாருங்க. “சொந்த நெட்வொர்க்கில் மட்டும்”னு ஒரு வரி இருந்தா, ஊர் மணி பேச்சே வராது.

நடுச்சாமம்: டைம் மாத்தினா ஃப்ரீ ஆகுமா?

ஆகாது.

கணக்குவாத்தியார்: சோதித்தேன். என் சிம்மில் 1474. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பியின் சிம் வேறு கம்பெனி, அதே சோதனையில் 1490 காட்டுகிறது. இது எப்படி?

தம்பி சிம்மில் 61க்குப் பதிலா 46தான் கழிஞ்சிருக்கு. 15 எம்பி இரவுப் பக்கம் விழுந்திருக்கு. ஆறு மணிக்கு முன்னால வாங்கின துண்டைப் பிரிக்காம, முழுசையும் ஃப்ரீயில சேர்த்திருக்கலாம். அப்படின்னா அதே கம்பெனி 12 மணிக் கோட்டில் எந்தப் பக்கம் சேர்க்குதுன்னு தெரியணும், அங்கே அது உங்களுக்கு எதிராப் போகலாம். ஒரு நாள் சோதனையை வச்சு முடிவு சொல்ல முடியாது சார். தம்பியை இன்னும் ரெண்டு மூணு நாள் இதே மாதிரி ஓட்டச் சொல்லுங்க. தினமும் 15க்குப் பக்கத்திலேயே நின்னா வேற ஏதோ காரணம் இருக்கு. ஒரு நாள் 4, ஒரு நாள் 30ன்னு தாவினா துண்டுதான்.

மல்லிகை: அக்கா, அந்த 15 எம்பிக்கு இவ்வளவு சண்டையா?

சண்டை 15 எம்பிக்கு இல்லைம்மா, 900க்கு. நீங்க 5.50க்கு டேட்டாவை அணைச்சீங்களா?