கொலுசுப் பட்டறைப் பேட்டியும் ரிப்போர்ட்டட் ஸ்பீச்சும்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்காரரைப் பேட்டி எடுத்தார்கள். அதை ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் எழுதச் சொன்னால், விதி தெரிந்த பிள்ளைகளும் டென்ஸை மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். ஏன்? – ஆசிரியை, சேலம்

தமிழ்க் காதுதான் காரணம். "பையன் இந்த வேலைக்கு வரமாட்டான்னு சொன்னார்" என்கிறோம். சொன்னது நேற்று, ஆனாலும் 'வரமாட்டான்' அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்தில் 'செட்' என்று தொடங்கினால் உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னால் போகும்.

அதனால் ஒரே மூச்சில் மாற்றச் சொல்லாதீர்கள். முதலில் அவர் வாயில் வந்ததைத் தமிழிலேயே எழுதட்டும். அடுத்து அவரே ஆங்கிலத்தில் பேசுவதுபோல: "ஐ லேர்ன்ட் திஸ் வொர்க் ஃப்ரம் மை ஃபாதர். மை சன் வில் நாட் டூ இட்." மூன்றாவதாகத்தான் மாற்றம்: "ஹி செட் தட் ஹி ஹேட் லேர்ன்ட் தட் வொர்க் ஃப்ரம் ஹிஸ் ஃபாதர் அண்ட் தட் ஹிஸ் சன் வுட் நாட் டூ இட்."

நடுப்படியை எழுதாமல் விட்ட நோட்டைப் பார்த்ததும் தெரியும்: 'ஹி செட் தட் மை சன் வில் நாட்' என்றிருக்கும். யாருடைய மகன்? எழுதிய பிள்ளைக்கு வயது பதினான்கு! 'மை'யைத் திருத்தும்போதே 'வில்'லும் கண்ணில் படும். நான் முதலில் பிரதிப்பெயரைத்தான் வட்டமிடுவேன், டென்ஸை அல்ல.

அதே பேட்டியில் "வென் ஐ வாஸ் எ பாய், மை ஃபாதர் மெல்டெட் சில்வர் ஹியர்" என்று ஒரு வரி. 'ஹேட் பீன்' போடலாமா? – மாணவி, அம்மாப்பேட்டை

வேண்டாம். 'வென்' வாக்கியத்தில் காலம் ஏற்கெனவே தெளிவாக இருப்பதால் 'வாஸ்' அப்படியே நிற்கும்: "ஹி செட் தட் வென் ஹி வாஸ் எ பாய், ஹிஸ் ஃபாதர் ஹேட் மெல்டெட் சில்வர் தேர்." கடைசி வினையை 'மெல்டெட்' என்றே விட்டாலும் பிழையில்லை. 'ஹியர்' எப்போது 'தேர்' ஆகும்? பட்டறையிலேயே உட்கார்ந்து எழுதினால் ஆகாது, வகுப்பில் எழுதினால் ஆகும்.

ஏற்காட்டில் வழிகாட்டி "லேக் இஸ் டீப்" என்றார். இப்போதும் ஏரி ஆழமாகத்தானே இருக்கிறது, 'வாஸ்' என்று எழுதினால் வற்றிப்போனதாக ஆகாதா? – ஒரு பெற்றோர், ஏற்காடு

ஆகாது. இன்றும் உண்மையானால் 'இஸ்', 'வாஸ்' இரண்டும் சரி. 'இஸ்' என்றால் நீங்களும் அதற்குப் பொறுப்பேற்கிறீர்கள். 'வாஸ்' என்றால் சொன்னது வழிகாட்டி, அவ்வளவுதான். தேர்வில் மட்டும், 'சூரியன் கிழக்கே உதிக்கிறது' போன்ற பொது உண்மை அல்லாதவற்றை மாற்றிவிடுவது பாதுகாப்பு.

கேள்வியை மாற்றும்போது 'ஆஸ்க்ட் தட்' வருமா?

வராது. "டு யூ ஸ்டில் கெட் ஆர்டர்ஸ்?" என்பது "வீ ஆஸ்க்ட் ஹிம் இஃப் ஹி ஸ்டில் காட் ஆர்டர்ஸ்" ஆகும். 'டு' போய்விடும், கேள்விக்குறியும் போய்விடும்.